கல்யாணத்துக்கு வராதவருக்கு

கல்யாண வீடியோவை வெளியூர் எடிட்டருக்கு அனுப்பும்போது கூடவே போகும் குறிப்பு பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவுதான். “தம்பி, சினிமாட்டிக்கா வேணும். கொஞ்சம் எமோஷனலா இருக்கட்டும். ஹைலைட்ஸ் நாலு நிமிஷம். பாட்டு நீங்களே நல்லதா பாத்துப் போட்டுருங்க.” அவ்வளவுதான். பின்னாலேயே ஹார்ட் டிஸ்க் கூரியரில் போய்ச் சேரும். அதில் மூன்று கேமராக்களின் இரண்டு நாள் உழைப்பு இருக்கிறது. 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 12 மணி நேரப் பதிவு 500 ஜிபியைத் தாண்டிவிடும். அதைத் திறந்துகொண்டு உட்காரும் இளைஞர் அந்த மண்டபத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பெண்ணின் பெயரே ஃபோல்டரின் பெயரைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல்பதிவில் உள்ள சொற்களை அவர் தமக்குத் தெரிந்த விதத்தில் நிரப்பிக்கொள்வார். சினிமாட்டிக் என்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, ட்ரோனில் மண்டபத்தின் மொட்டை மாடி, எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவோட்டம். எமோஷனல் என்றால் பியானோ, கண்ணைத் துடைக்கும் யாரோ ஒரு அம்மா. வேலை கெட்டுவிட்டது என்று அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

கும்பகோணம் பக்கம் எங்கள் யூனிட் எடுத்த ஒரு கல்யாணத்துக்கு இந்தக் குறிப்பை மூன்று பக்கத் தாளாக எழுதிப் பார்த்தேன். எடிட்டர் கோயம்புத்தூர்க்காரர், நேரில் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்ததும் முதலில் புரிந்தது, பாணி என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் காலவரிசை பற்றிய முடிவு என்பது. மாப்பிள்ளை வீட்டார் மாதிரிக்கு அனுப்பிய படம் உதயப்பூர் அரண்மனையில் நடந்த கல்யாணம் ஒன்று. அதில் பகலில் அலங்காரம், மாலையில் சடங்கு, இரவில் ஆட்டம். படம் இயல்பாகவே ஆட்டத்தை நோக்கி ஏறிப் போகிறது. நம் பக்கத்தில் பெரும்பாலான கல்யாணங்களில் வரவேற்பு முதல் நாள் மாலையே முடிந்துவிடுகிறது. மேடையில் ஜோடியாக நின்று, கேக் வெட்டி, தோழர்களோடு ஆடி, தூங்கப் போய், விடிகாலையில் எழுந்துதான் தாலி. மாதிரிப் படத்தின் அச்சை அப்படியே வைத்து வெட்டினால் எடிட்டர் வரவேற்பைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிடுவார். வீட்டுப் பெரியவர்களுக்கு அது உறுத்தும்: ஆட்டத்தில் பெண்ணின் கழுத்தில் தாலி இல்லையே! ஆகவே தாளின் முதல் வரி: “வரவேற்பு முதலில், முகூர்த்தம் கடைசியில். வரிசையை மாற்ற வேண்டாம். விடிகாலையை நோக்கிப் போகும் படம் இது.” இந்த ஒரு வரியிலேயே படத்தின் வேகம், வெளிச்சம், இசை எல்லாம் ஓரளவு தீர்ந்துவிடுகிறது. இரவு சத்தத்திலிருந்து விடியலின் சத்தத்துக்குப் போக வேண்டும் என்று எடிட்டருக்கே தெரிந்துவிடும்.

மெதுவோட்டம் பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. நம் டைம்லைன் விநாடிக்கு 25 ஃபிரேம். 50 ஃபிரேமில் எடுத்ததைச் சரிபாதி வேகத்தில் ஓட்டலாம், வழுக்கிக்கொண்டு போகும். 25-இல் எடுத்ததை மெதுவாக்கினால் ஃபிரேம்களை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும், நடை தடுக்கும். எந்தக் கேமரா எதில் எடுத்தது என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். மீதிப் பாதி அவ்வளவு எளிதல்ல. மெதுவாக ஓடும் படத்துக்கு அதன் சொந்தச் சத்தம் ஒட்டாது. தவில்காரரின் கை பாதி வேகத்தில் இறங்கும்போது தவிலின் ஒலியைப் போட முடியாது. வேறு ஒரு பாட்டைத்தான் போட்டாக வேண்டும். எங்கே மெதுவாக்கலாம் என்று சொல்லும்போதே எங்கே மண்டபத்தின் சத்தம் போய்ப் பாட்டு வரலாம் என்றும் சொல்லிவிடுகிறோம். இதை யோசிக்காமல்தான் “ஸ்லோமோ நிறைய போடுங்க” என்கிறோம்.

நிறம் பற்றி மட்டும் இரண்டு வரி கண்டிப்பாக எழுதினேன். கூறைப் புடவை அரக்கு நிறம். மேடையின் எல்.இ.டி. விளக்கில் பட்டின் சிவப்பு எளிதில் உப்பிப்போய் ஆரஞ்சாகத் தெரியும். பெண் வீட்டில் புடவையைப் பகல் வெளிச்சத்தில் விரித்து எடுத்த படத்தை வாங்கித் தாளோடு சேர்த்தேன். அந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்து நிறம் திருத்த வேண்டும். இரண்டாவது வரி: “யார் தோலையும் வெளுக்க வேண்டாம்.” கேட்காமலேயே வெளுத்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் ஒரு மரியாதை போலவே ஆகிவிட்டது. பெண் மாநிறம், மாப்பிள்ளை கறுப்பு. அப்படியேதான் இருக்க வேண்டும்.

ஆனால் தாளில் அதிக இடம் எடுத்துக்கொண்டது முகப்பட்டியல்தான். ஃபுட்டேஜிலிருந்தே இருபது முப்பது முகங்களை நிறுத்திப் படமாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் யார், என்ன முறை என்று எழுதினோம். தாய்மாமன், அத்தை, மாப்பிள்ளையின் தம்பி, பெண்ணை வளர்த்த பக்கத்து வீட்டு ஆச்சி. எடிட்டர் முகங்களை அழகை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார், வேறு என்ன வைத்துத் தேர்ந்தெடுக்க முடியும்? வெளிச்சம் சரியாக விழுந்த தோழி ஒருத்தி நான்கு முறை வருவாள். நாத்தனார் ஒருமுறையும் வரமாட்டாள். நாத்தனாரைக் காணோம் என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் எத்தனை வருடம் ஓடும் என்பது எடிட்டருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்கு அப்பா இல்லை. கன்னிகாதானம் செய்துகொடுத்தவர் பெரியப்பா, பெரியம்மாவோடு. எழுதிக் கொடுக்காவிட்டால் அவரையே அப்பா என்று எடுத்துக்கொண்டு “அப்பா – மகள்” என்று உருகும் ஒரு பகுதியை எடிட்டர் கட்டிவிடுவார். அம்மா தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு வரவில்லை. யாரும் வர வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை, அவரே போய்த் தூணோரம் நின்றுகொண்டார். கேண்டிட் எடுத்த பையன் அதைப் பார்த்துவிட்டான். தூண், அதன் பின்னால் பாதி முகம், முந்தானையால் கண்ணைத் துடைப்பது: பத்து விநாடிக்கு மேல் ஓடும் ஷாட். எந்த எடிட்டரின் கையில் கிடைத்தாலும் மூன்றாவது முடிச்சுக்கு அடுத்து இதைத்தான் வைப்பார். வைத்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுவார்கள், அதுவும் நிச்சயம்.

தாளை அனுப்புவதற்கு முன் பெண்ணிடம் அந்த ஷாட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மா அழறது இருக்கட்டும்ண்ணா. தூணுக்குப் பின்னாடி நிக்கறது வேணாம்” என்றாள். 4கே-யில் எடுத்ததை 1080-இல் கொடுக்கும்போது ஷாட்டை இரண்டு மடங்குவரை நெருக்கினாலும் தெளிவு குறையாது. தூண் தெரியாமல் முகம் மட்டும் வரும்படி நெருக்கச் சொல்லி எழுதினேன். இது உண்மையை மறைப்பதா என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தூண்தான் அந்தக் காலையின் மிகப் பெரிய உண்மை என்று ஓர் ஆவணப்பட இயக்குநர் வாதிடலாம். வாதம் சரியாகவும் இருக்கலாம். இது அவருடைய படமல்ல. தன் கல்யாணத்தை வருடத்துக்கு ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப்போகும் ஒருத்தியின் படம். அவள் முடிவுதான் செல்லும். எடிட்டருக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். காரணம் தெரியாவிட்டால் வேறொரு இடத்தில் அதே தூண் வந்து நிற்கும்.

தாலி கட்டும் பகுதிக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கினேன். புரோகிதர் கையை உயர்த்திக் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் கொடுத்ததிலிருந்து மேளம் அடங்கும்வரை ஒன்றேகால் நிமிடம். இந்த ஒன்றேகால் நிமிடத்தை மூன்று கேமராக்கள் எடுத்திருக்கின்றன, மூன்றிலுமே பாதி கெட்டுப்போயிருக்கிறது. அட்சதை போட மேடையேறிய கூட்டம் முன்கேமராவை மறைத்துவிட்டது. முடிச்சு விழுவது கழுத்துக்குப் பின்னால்; மாலையும் ஜடையும் அதை மூடியிருக்கின்றன. பக்கவாட்டுக் கேமராவில் முதல் முடிச்சு மட்டும் தெரிகிறது, நாத்தனார் போட்ட மற்ற இரண்டில் அவள் முதுகுதான். ஆனால் டிஸ்க்கில் தாலி பளிச்சென்று தெரியும் அருமையான நெருக்கக் காட்சி ஒன்றும் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு போட்டோகிராபர், “மாப்ள, தாலியக் கையில புடிச்ச மாதிரி கொஞ்சம் அப்படியே நில்லுங்க” என்று நிறுத்தி எடுத்தபோது வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அழகு, முகம் அழகு, மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். எடிட்டர் இதை விடமாட்டார். அதனால் தாளில் கிளிப் எண்ணோடு எழுதினேன்: “C0147 – நிஜம். C0152 – நிறுத்தி எடுத்தது. தாலி கட்டும் இடத்தில் இது வரவே கூடாது.” கலங்கலான நிஜம் போதும்.

அந்த இடத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கெட்டிமேளத்தின் மேல் பாட்டு கூடாது, மெதுவோட்டமும் கூடாது. தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழாதபடி மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கத்தான் கெட்டிமேளம் என்பார்கள். அதையே ஒரு பாட்டால் அமுக்குவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்த நிபந்தனையை எழுதும் உரிமை ஒலியை ஒழுங்காகப் பதிவுசெய்தவனுக்குத்தான் உண்டு. கேமராவின் தானியங்கி ஒலி அளவை நம்பினால் தவில் வெடிக்கும்போது அது பயந்து அளவைக் குறைத்துக்கொள்ளும். மேளம் நின்றபின் மந்திரம் சில விநாடிகளுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அளவைக் கூட்டி வைத்திருந்தால் ஒலி முகடு தட்டிக் கரகரக்கும். குறைவாகப் பதிவானதை உயர்த்திவிடலாம், முகடு தட்டியதைச் சரிசெய்வது ஏறக்குறைய முடியாது. நாங்கள் மேடைக்கருகே ஒரு தனி ரெக்கார்டர் வைத்து, முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பிலேயே தவிலைக் கேட்டு அளவைத் தாழ்த்தி வைத்திருந்தோம். அந்த ஒலிதான் அடிப்படை, மூன்று கேமராக்களையும் அதோடு பொருத்த வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மண்டபத்தின் கடைசியில் நின்ற கேமராவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மேடையிலிருந்து அது சுமார் 30 மீட்டர். ஒலி அங்கே போய்ச் சேர இரண்டு ஃபிரேம் நேரம் ஆகிறது. மென்பொருள் ஒலியை வைத்துப் பொருத்தினால் படம் இரண்டு ஃபிரேம் முந்தி நிற்கும். தூரக் காட்சியில் யாருக்கும் தெரியாது. தவில்காரர் தெரியும்படி நெருக்கினால் கை முன்னாலும் அடி பின்னாலும் வரும்.

நீளத்தை எப்படித் தீர்மானிப்பது? ஒரு காலத்தில் கேசட் தீர்மானித்தது. விஎச்எஸ் நாடா மூன்று மணி நேரம் ஓடும், ஆகவே கல்யாணமும் மூன்று மணி நேரம் ஓடியது. “மிக்ஸிங்” கடையில் ரோஜாப்பூவுக்குள் ஜோடியை உட்காரவைத்துத் தருவார்கள். இப்போது நாடா இல்லை. யார் பார்ப்பார்கள் என்பதுதான் அளவு. எங்கள் தாளில் மூன்று நீளங்கள் இருந்தன: ஒரு நிமிட ரீல், 20 நிமிடப் படம், மூன்று மணி நேர ட்ரெடிஷனல். கேண்டிட் வேலையில் பழகிய எடிட்டர்களுக்குக் கடைசியது வேண்டாத சுமை. மேடையில் வரிசையாக ஏறி, பரிசு கொடுத்து, படத்துக்கு நின்று இறங்கும் கூட்டத்தை அவர்கள் வேகமாக ஓட்டிவிடுவார்கள், அல்லது பாட்டுப் போட்டுச் சுருக்கிவிடுவார்கள். அந்தப் பகுதி மொய் நோட்டைப் போன்றது. அதை யாரும் சுவைக்காகப் படிப்பதில்லை. தன் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து, இறந்துபோன ஒரு மாமாவின் அசையும் உருவம் வேறெங்கும் இல்லாமல் அந்த வரிசையில் மட்டும் இருக்கும். அதனால் தாளில் கணக்கே போட்டேன்: மேடையேறிய குழு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 6 விநாடி. அன்று ஏறியவை ஏறக்குறைய 300 குழுக்கள். அது மட்டுமே அரை மணி நேரம். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

20 நிமிடப் படம்தான் எடிட்டரின் கலைக்கு உரியது. அதில் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தேன்: வரிசை, தாலிப் பகுதி, முகப்பட்டியலில் நட்சத்திரக் குறியிட்ட 12 பேர், இந்த மூன்றைத் தவிர எதையும் அவர் விருப்பப்படி வெட்டலாம்.

இசைதான் சண்டைக்கு இடம். எல்லாரும் கேட்பது சினிமாப் பாட்டு. கல்யாண மண்டபத்தில் அதைப் போட்டால் குற்றமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்குத் தருகிறது, 2023 ஜூலையில் மத்திய அரசும் ஒரு பொது அறிவிப்பில் அதை நினைவுபடுத்தியது. இதை வைத்து “கல்யாணத்துக்கு ஃப்ரீதானே” என்று வீடியோவுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். விலக்கு அந்த நிகழ்வில் பாட்டு ஒலிப்பதற்கு. அதே பதிவை எடுத்துப் படத்தோடு ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு செயல், அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பென் டிரைவில் வீட்டோடு கிடக்கும் வீடியோவை யாரும் தேடி வருவதில்லை என்பது நடைமுறை. ஏற்றிய வீடியோவை யூடியூபின் இயந்திரம் சில நிமிடத்திலேயே அடையாளம் கண்டுவிடும். உரிமையாளர் விருப்பப்படி விளம்பரம் வரும், அல்லது வீடியோவே தடைபடும். சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு லிங்க் அனுப்பினால் அவருக்கு மட்டும் திறக்காமல் போவதும் உண்டு.

காசு கொடுத்து உரிமம் பெறும் இசை நூலகங்கள் இருக்கின்றன. அங்கும் ஒரு சிக்கல்: சந்தா எடிட்டருடையது, ஏற்றப்போவது மாப்பிள்ளையின் கணக்கு. அந்த உரிமம் வாடிக்கையாளரின் கணக்குக்கும் பொருந்துமா என்பதை எடிட்டர் பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சேர்த்தேன். ஆனால் இந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு ஆசை இருந்தது. நாகஸ்வரக்காரர் ஊஞ்சலின்போதும் மாலை மாற்றும்போதும் அபாரமாக வாசித்திருந்தார். ரெக்கார்டரில் அது முழுசாக இருக்கிறது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பக்கத்துத் திருவாரூரில் பிறந்தவர்கள், மூவரும் 1847-க்குள் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய கீர்த்தனைகளுக்கு யாரிடமும் பதிப்புரிமை கேட்க வேண்டியதில்லை. வாசித்தவருக்கு மட்டும் கலைஞர் என்ற முறையில் உரிமை உண்டு. அவரிடம் கேட்டு, தனியாக ஒரு தொகை கொடுத்து, சம்மதத்தை எழுதி வாங்கினோம். வரவேற்பில் அவரே வாசித்த சினிமாப் பாட்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டோம், அந்த மெட்டுகள் வேறொருவருடையவை. ஆகவே 20 நிமிடப் படத்துக்கு அன்று காலையில் வாசித்த நாகஸ்வரமே இசை. ரீலுக்கு மாப்பிள்ளை கேட்ட சினிமாப் பாட்டைப் படத்தோடு ஒட்டாமல், ஏற்றும்போது அவரே இன்ஸ்டாகிராமின் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்ப்பது என்று முடிவானது. தனிநபர் கணக்கு என்பதால் அது சாத்தியம்; எங்கள் யூனிட்டின் வணிகக் கணக்கில் அந்தப் பாட்டு வராது.

ஒப்படைக்க வேண்டியவற்றில் ஒன்று எல்லாரும் மறப்பது: பாட்டு ஒரு தடம், பேச்சும் மந்திரமும் ஒரு தடம், மண்டபத்தின் சத்தம் ஒரு தடம் என்று ஒலி தனித்தனியாகவும் வர வேண்டும். நாளைக்கு இசைக்குத் தடை வந்தால் அந்தத் தடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரே கோப்பை வைத்துக்கொண்டு பாட்டை எடுக்கப் போனால் அம்மாவின் குரலும் சேர்ந்து போய்விடும். பெயர், தேதி எழுத்துகள் இல்லாத ஒரு பிரதியும் வேண்டும். அழைப்பிதழில் உள்ளபடி பெயர் எழுதியும் இனிஷியலில் தப்பு வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

பென் டிரைவ் என்பது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் வீட்டிலிருந்து வரும் முதல் போன் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். பழைய டிவிகள் பல FAT32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. புதிய H.265 கோப்பும் அவற்றில் ஓடாது, சத்தம் மட்டும் வரும் அல்லது அதுவும் வராது. 1080-இல் விநாடிக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி. எனவே ட்ரெடிஷனல் வீடியோ மூன்று பாகமாக, ஒவ்வொன்றும் ஒரு மணிக்குள், H.264-இல். பாகம் முடியும் இடம் சடங்கின் நடுவில் விழக் கூடாது.

திருத்தம் இரண்டு சுற்று. வீட்டில் ஒருவர் மட்டும் பேசுவார், இங்கே அது பெண்ணின் தம்பி. எல்லாருடைய குறைகளையும் அவர் திரட்டி நிமிடம், விநாடி குறித்து ஒரே பட்டியலாக அனுப்புவார். “நீலச் சட்டை மாமா வர இடத்துல கொஞ்சம் நீட்டுங்க” என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அன்று நீலச் சட்டை எத்தனை பேர்! எடிட்டர் தம் பக்கத்தில் மாதிரிக்காகப் போட விரும்பினால் பெண்ணின் சம்மதம் வேண்டும், அம்மாவின் ஷாட் அதில் வரக் கூடாது. இறுதித் தொகை வந்து ஆறு மாதம்வரை மூலப் பதிவை அவர் அழிக்கக் கூடாது. எங்களிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

தாள் போன மறுநாள் எடிட்டர் அழைத்தார். பாதி வேலை குறைந்துவிட்டது என்றோ, நன்றி என்றோ ஒன்றும் சொல்லவில்லை. “அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் பெரியப்பா எல்லா ஷாட்டுலயும் உம்முன்னே இருக்காரு. கல்யாணத்துல ஏதும் மனஸ்தாபமா? அப்படின்னா அவரைக் கொறைச்சிக்கலாம்.” மனஸ்தாபம் ஏதும் இல்லை, மொத்தச் செலவையும் முன்னின்று பார்த்தவரே அவர்தான், முகமே அப்படி. பட்டியலில் அவர் படத்துக்குக் கீழே அதையும் எழுதி, தாளைத் திரும்ப அனுப்பினேன்.